பாத எரிவும் இரு மாத்திரைகளும்

குருவிட்டத் தோட்டப்புறங்களிலும் நீரிழிவால் நரம்பு தளர்ந்து, இரவில் பாதம் எரிந்து வருந்துவோர் உளர். அல்பா லிப்போயிக் அமிலம் இதனைத் தீர்க்குமா?

2006 இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் 600 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் உட்கொண்டோர்க்கு நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆயின், மருந்தில்லா மாத்திரை உண்டோர்க்கும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆகவே, இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே மருந்தின் பயனாகும். அளவைக் கூட்டியபோது பயன் பெருகவில்லை; குமட்டலே பெருகிற்று. ஆறு மாதமும் அதற்கு மேலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2024 ஆம் ஆண்டு மதிப்பீடோ, நோய்க்குறிகள் தணிவதில் பெரும் பயனிருக்க வாய்ப்பில்லை என்றது.

குரோமியம் 1997 இல் சீனத்து நோயாளரின் இரத்தச் சீனியைக் குறைத்தது; 2007 இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்விலோ பயன் தரவில்லை.

எரிவு தணிந்ததனால் மரத்த பாதத்திற்கு உணர்வு மீண்டுவிட்டதென்று எண்ணலாகாது. முள் தைத்ததும் அட்டை கடித்ததும் அதற்குத் தெரியாமற் போகலாம். ஆதலால் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாது, மாலைதோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்க.