பில்லில் எட்டு கேமரா, சுவரில் ஆறு

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு ஒரு பைக் திருடுபோகிறது. பதிவைப் போட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் வண்டியை கேட் வழியாகத் தள்ளிக்கொண்டு போவது தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் இருக்கிறது. வண்டி நின்ற பின்பக்கத்தில் கேமராவே இல்லை. சங்கச் செயலாளர் கேமரா மாட்டியவருக்கு வாட்ஸ்அப்பில், "சார், கேமரா சரியில்லை, வந்து பாருங்க" என்று அனுப்புகிறார். ஒரு பையன் வந்து லென்ஸைத் துடைத்து, போனில் நேரலையைக் காட்டி, "இப்ப கிளியரா இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறான். விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

மொட்டையாகப் புகார் சொன்னால் இப்படித்தான் ஆகும். மறுவேலை கேட்டு எழுதும் கடிதத்தில் குறைகளை மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். தருவதாகச் சொல்லித் தராதது ஒன்று, தந்தும் தவறாக அமைத்தது இன்னொன்று, இடத்துக்குப் பொருந்தாதது மூன்றாவது. முதல் இரண்டையும் உரிமையாகக் கேட்கலாம். மூன்றாவதை கொட்டேஷனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் கேட்க முடியும்.

நாம் எடுத்துக்கொண்ட குடியிருப்பின் கொட்டேஷனில் 2 மெகாபிக்சல் கேமரா எட்டு, 2 டி.பி. ஹார்ட் டிஸ்க், 1080p தரத்தில் 30 நாள் பதிவு, கேட்டில் வருபவரின் முகம் தெரியும்படி ஒரு கேமரா என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில்லும் எட்டு கேமராவுக்குத்தான். ஆனால் டி.வி.ஆர். திரையில் எட்டுக் கட்டங்களில் இரண்டு கறுப்பாக இருக்கின்றன, அவற்றில் NO VIDEO என்று வருகிறது. அந்தத் திரையைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்தால் போதும், வாதமே தேவையில்லை. இங்கே ஒரு பொறியும் உண்டு. கொட்டேஷனில் '8 சேனல்' என்று மட்டும் இருந்தால், அது டி.வி.ஆரில் எட்டு கேமரா சேர்க்க இடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், எட்டு கேமரா தருகிறேன் என்று ஆகாது. 'கேமரா – 8' என்ற வரி தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது 30 நாள். Playback பகுதியில் நாள்காட்டியைத் திறந்தால் எந்தத் தேதிவரை பதிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே ஏழு நாள்தான் இருக்கிறது. டிஸ்க் பற்றிய பக்கத்தில் கொள்ளளவைப் பார்த்தால், போட்டிருப்பது 1 டி.பி. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். ஆறு கேமராவுக்கு ஏறக்குறைய 130 ஜி.பி. என்றால் 1 டி.பி. ஏழு நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். இதே கணக்கில், சொன்னபடி எட்டு கேமராவும் 2 டி.பி.யும் வந்தாலும் பன்னிரண்டு நாள்கூடத் தாங்காது. 30 நாளுக்கு 5 டி.பி.க்கு மேல் வேண்டும். அதனால் "2 டி.பி. போடுங்கள்" என்று மட்டும் கேட்டால் ஏமாந்துவிடுவோம். படத்தின் தரத்தைக் குறைக்காமல் 30 நாள் பதிவு இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் சரி. பெரிய டிஸ்க்கா, ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியும் முறையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் பல நேரங்களில் கேமராவில் இருப்பதில்லை. டி.வி.ஆர். அமைப்பில் பதிவுத் தரம் 1080N என்று வைத்திருந்தால், அகலவாக்கில் 1,920 புள்ளிகளுக்குப் பதில் 960தான் பதிவாகும். நேரலை தெளிவாக இருந்தும் பதிவு மங்கலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அமைப்பை 1080p-க்கு மாற்றுவது சில நிமிட வேலை. அந்தத் தேர்வே டி.வி.ஆரில் இல்லை என்றால், 1080p என்று எழுதிக் கொடுத்தவர் டி.வி.ஆரையே மாற்றித் தர வேண்டும்.

கேட்டின் சிக்கல் வேறு. அங்கே மாட்டியிருப்பது 2.8 மி.மீ. லென்ஸ். அது மிக விரிந்த காட்சியைத் தரும்; 8 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 19 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அந்த அகலத்துக்கு 1,920 புள்ளிகளைப் பங்கிட்டால் மீட்டருக்கு நூறுதான் வரும்; 1080N என்றால் ஐம்பது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது ஐ.இ.சி. 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு சொன்ன அளவு. முகத்தின் அகலம் 16 செ.மீ. என்று கொண்டால் நாற்பது புள்ளி கிடைக்க வேண்டிய முகத்துக்கு இங்கே எட்டே புள்ளிதான் கிடைக்கிறது. போலீஸாரால்கூடப் பதிவைப் பெரிதாக்கி இல்லாத புள்ளியைக் கொண்டுவர முடியாது. 6 மி.மீ. லென்ஸ் போட்டால் அதே தூரத்தில் காட்சி 8 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, ஏறக்குறைய தேவையான அளவு கிடைக்கும். வெள்ளைத் திட்டுக்குக் காரணம் கேமராவின் இரவு விளக்கு. பக்கத்துச் சுவரிலோ சன்ஷேடிலோ பட்டு அது திரும்பும்போது படம் வெளுத்துப்போகும். கேமராவை ஓரடி தள்ளி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

'முகம் தெரியும்படி' என்று கொட்டேஷனில் இருப்பதால் லென்ஸையும் உரிமையாகக் கேட்கலாம். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் கூடுதல் செலவைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். நம்பர் பிளேட் தெரியவில்லை என்ற புகாரும் அப்படியே. ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பரைப் படிக்க அதற்கென்றே தனி கேமரா வேண்டும், சாதாரண கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். தங்கள் கொட்டேஷனின்படி எங்கள் குடியிருப்பில் செய்த கேமரா வேலையில் கீழ்க்கண்ட குறைகள் உள்ளன.

1. எட்டு கேமராவுக்குப் பணம் பெற்றுள்ளீர்கள், ஆறுதான் உள்ளன. பின்பக்க பார்க்கிங்கிலும் மொட்டை மாடிப் படியிலும் கேமரா இல்லை.

2. 2 டி.பி.க்குப் பதில் 1 டி.பி. டிஸ்க் உள்ளது. 30 நாள் பதிவுக்குப் பதில் ஏழு நாள் மட்டுமே கிடைக்கிறது.

3. பதிவுத் தரம் 1080N என்று உள்ளது. 1080p ஆக மாற்ற வேண்டும்.

4. கேட் கேமராவில் 8 மீட்டரில் முகம் தெரியவில்லை. லென்ஸையும் மாட்டிய இடத்தையும் மாற்ற வேண்டும்.

திரைப் படங்களையும் பதிவின் நகலையும் இணைத்துள்ளோம். 15 நாளுக்குள் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறோம். இரவில் சோதித்துப் பார்த்த பிறகு பாக்கித் தொகையைத் தருகிறோம்."

இணைக்கும் பதிவைத் திரையிலிருந்து போனில் படம் எடுக்கக் கூடாது. பென் டிரைவில் நேரடியாக நகல் எடுக்க வேண்டும். ஏழு நாளில் அழிந்துவிடும் என்பதால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதே நகலை மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

வேலை முடிந்தது என்று ஆள் வந்து சொன்னால் போனில் நேரலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. இரவில் ஒருவரை கேட் வழியாக நடக்கவிட்டு, டி.வி.ஆரில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பது நாள் கழித்து நாள்காட்டியையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதால், பாக்கியில் ஒரு சிறு பங்கை அதுவரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், பில், திரைப் படம், பதிவின் நகல், தபால் ரசீது எல்லாம் கடிதம் எழுதும்போதே சேர்ந்துவிட்டதால், அங்கே தாக்கல் செய்யப் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்காது.