துண்டு காய்ந்தது, அறை குளிர்ந்தே கிடந்தது

ஜனவரி மாதம் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட செங்கல் வீடு. வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகளில் ஒன்று. சென்ற ஆண்டு குளியலறையைப் புதுப்பித்தபோது, இடத்தை அடைக்கிறது என்று பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் சுவரில் பளபளவென்று ஏணி போல ஒரு மின்சார டவல் ரெயில், 150 வாட். "துவாய் நல்லாக் காயுது அண்ணை. ஆனா றூம் சூடாகேல்லை" என்றார் நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர். சாதனத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கடைக்காரரிடம் மாற்றிக்கேட்கவும் தயாராக இருந்தார்.

சாதனத்தில் ஒரு கோளாறும் இல்லை. துண்டைக் காயவைப்பது, அறையைச் சூடாக்குவது என்று இரண்டு வேலைகளை ஒன்றிடமே எதிர்பார்த்ததில்தான் சிக்கல்.

முதல் வேலையைப் பார்ப்போம். குளித்துத் துவட்டிய பெரிய துண்டு ஒன்றில் 150 கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் குளித்தால் 300 கிராம். இதை ஆவியாக்கச் சுமார் 0.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 150 வாட் ரெயில் அவ்வளவு வெப்பத்தை 80 நிமிடத்தில் தந்துவிடும். ஆனால் அதில் ஒரு பகுதிதான் துண்டுக்குப் போகும். மீதி காற்றுக்கும் சுவருக்கும் போய்விடும். ஆகவே மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அதுவும் துண்டை ஒற்றையாக விரித்துப் போட்டால்தான். நான்காக மடித்துத் தொங்கவிட்டால் உள்மடிப்பு மறுநாளும் ஈரமாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் துண்டுக்கு 60 முதல் 150 வாட் வரை போதும்.

இரண்டாவது வேலைக்கு வேறு கணக்கு. அறை 2.2 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். நீளப்பக்கச் சுவர் ஒன்று மட்டும் வெளியைப் பார்த்தது. வெளியே மைனஸ் 1 டிகிரி, குளிப்பவருக்கு 22 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 23 டிகிரி. இடைவெளி விடாமல் ஒன்பது அங்குலத்துக்குக் கட்டிய பழைய செங்கல் சுவரில், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 2 வாட் போல வெளியே ஓடிவிடும். ஜன்னலைக் கழித்தால் சுவர் 4.7 சதுர மீட்டர். அது மட்டுமே 215 வாட்டைத் தின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு 40 வாட், கூரைக்கு 20 வாட். மணிக்கு இரண்டு முறை அறையின் காற்று மாறினால் அதைச் சூடாக்க இன்னொரு 145. மொத்தம் 420 வாட்! இதுவும் அறை ஏற்கெனவே 22 டிகிரியில் இருக்கும்போது அதைத் தக்கவைக்க மட்டும்தான். காலையில் குளிர்ந்து கிடக்கும் அறையை ஏற்ற வேண்டுமென்றால் 600 வாட்டுக்குக் குறைந்து வாங்குவதில் பயனில்லை. நண்பரின் 150 வாட் பாவம், சுவருக்கே போதவில்லை.

"பெரிசா ஒண்டு வாங்கிப் போட்டாப் போச்சு" என்றார் அவர். போகாது. ரெயில் முழுக்கத் துண்டு தொங்கினால் அது போர்த்திய போர்வை மாதிரி. வெப்பம் வெளியேற வழியில்லாமல் குழாய் சூடேறும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். பெட்டியில் 600 வாட் என்று எழுதியிருந்தாலும் அறைக்கு அவ்வளவும் வராது. குரோம் பூச்சு இன்னொரு தடை. கண்ணாடி போல மின்னும் பரப்பு வெப்பத்தைக் கதிர்களாக வீசுவதில் கஞ்சன். அதே அளவுள்ள வெள்ளை வண்ண ரெயில் அறைக்கு அதிகம் தரும். கடையில் எல்லோரும் குரோமைத்தான் எடுக்கிறார்கள். அழகாக இருக்கிறது, என்ன செய்வது!

இன்னொன்றையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. துண்டிலிருந்து போன 300 கிராம் தண்ணீர் எங்கே போயிற்று? அறைக் காற்றுக்குத்தான். வெளியேற்றும் விசிறி இல்லாவிட்டால் அது குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து, ஜன்னல் மூலையில் கறுப்புப் பூஞ்சணமாக வரும். அவர் வீட்டு மூலையில் ஏற்கெனவே வந்திருந்தது. இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி, குளியலறை விசிறி நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்கிறது. அவருடைய விசிறியின் சல்லடையில் தூசி அடைத்திருந்தது. ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது.

இதுவரை சொன்னதில் தவறினால் பணமும் சௌகரியமும்தான் போகும். பொருத்திய இடத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமே வந்தது. ரெயில் குளியல் தொட்டிக்கு நேர்மேலே இருந்தது. அதன் மெல்லிய வயர் கதவுச் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாக நடைவழிக்குப் போய், சாதாரண பிளக்கில் முடிந்தது. பிளக்கைத் திறந்தால் உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ். 150 வாட் சாதனம் இழுப்பது முக்கால் ஆம்பியருக்கும் குறைவு. வயரில் பழுது வந்தால் 13 ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயரே உருகிவிடக்கூடும். இங்கே 3 ஆம்பியர் ஃபியூஸ்தான் வேண்டும். அது 690 வாட் வரை தாங்கும்.

பிரிட்டனின் மின்னமைப்பு விதிகள் குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தொட்டிக்கு உள்ளே பூஜ்ஜிய மண்டலம். தொட்டிக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம். தொட்டி விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் இரண்டாம் மண்டலம். முதல் மண்டலத்திலும் இரண்டாம் மண்டலத்திலும் ரெயில் வைப்பதற்கு முழுத் தடை இல்லை. ஆனால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான ஐ.பி.எக்ஸ். 4 குறியாவது இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரும் சொல்லியிருக்க வேண்டும். நண்பருடைய ரெயிலின் குறிப்புத்தாளில் அப்படி எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால், இடமிருந்தால் மண்டலங்களுக்கு வெளியே வைத்துவிடுவதே நிம்மதி. தொட்டியில் நின்றபடி கை நீட்டினால் எட்டாத தூரம். குளித்துவிட்டு வெளியே வந்தால் துண்டு கைக்கெட்டும் தூரம். கீழே உள்ள சூடான கம்பி தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தவழும் பிள்ளைகளுக்காகச் சொன்ன அளவு இது. கம்பி 50, 60 டிகிரி வரை சூடாகும். பெரியவர் கையை எடுத்துவிடுவார், குழந்தைக்குத் தெரியாது.

மறுவாரம் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். தொட்டியைச் சுற்றியுள்ள மண்டலங்களுக்குள் மின்வேலை செய்தால் இங்கிலாந்தில் உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்றவர் என்றால் தானே சான்றளித்துவிடுவார். ரெயிலைக் கதவுப் பக்கச் சுவருக்கு மாற்றினார். நடைவழியில் பிளக்குக்குப் பதில் சுவிட்சுடன் கூடிய ஃபியூஸ் பெட்டி, அதில் 3 ஆம்பியர். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. வேலை செய்கிறதா என்று கருவி வைத்துச் சோதித்தார். அதோடு ஒரு டைமரும் மாட்டினார். இரவும் பகலும் ஓடினால் 150 வாட் ரெயில் நாளொன்றுக்கு 3.6 யூனிட் எடுக்கும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் மாதம் 27 பவுண்ட். காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் என்று வைத்தால் நாலரை பவுண்டுதான்.

அறையைச் சூடாக்க அவர் கடைசியில் செய்தது என்ன தெரியுமா? தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த பழைய ரேடியேட்டரைத் துடைத்து எடுத்து, ஜன்னலுக்குக் கீழே பழைய குழாய் முனைகளிலேயே திரும்ப மாட்டினார்.