உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணினால்

கூகுளில் ஆராய்ச்சி இயக்குநராக இருந்த பீட்டர் நார்விக் ஓர் உரையில் சொன்ன செய்தி மென்பொருள்காரர்களிடையே வெகுவாகப் பேசப்பட்டது. புரோகிராம் எழுதும் போட்டிகளில் வென்றவர்கள், அங்கே வேலையில் சேர்ந்தபின் அந்த அளவுக்குச் சோபிக்கவில்லையாம். வேகமாக எழுதிப் பழகியவர்களுக்கு நிதானம் போதாது என்பது அவர் சொன்ன காரணம். இருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் துளியும் இல்லாமலேயே இப்படியொரு கணக்கு வரும்.

ஒரு நிறுவனத்துக்கு 36 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண், நேர்காணலுக்கும் அப்படியே. 1-1, 1-2 என்று தொடங்கி 6-6 வரை ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒருவர். தேர்வில் யார் எத்தனை வாங்கியிருந்தாலும் அவர்களின் நேர்காணல் சராசரி 3.5தான். ஆக, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது இரண்டையும் கூட்டி 9 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் வேலை. 10 பேர் தேறுகிறார்கள். அவர்களில் தேர்வில் 3 வாங்கியவரின் நேர்காணல் மதிப்பெண் 6. தேர்வில் 4 வாங்கியவர்களின் சராசரி 5.5, 5 வாங்கியவர்களுக்கு 5, 6 வாங்கியவர்களுக்கு 4.5. படிக்கட்டு போல இறங்குகிறது. 'நன்றாகப் படித்தவனுக்குப் பேச வராது' என்று மேலாளர் முடிவுகட்ட இது போதும். உண்மையில் நடந்தது வேறு: தேர்வில் குறைந்தவர் நேர்காணலில் பிரமாதமாகச் செய்தால்தான் வாசலைத் தாண்ட முடியும், தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர் சுமாராகப் பேசினாலும் நுழைந்துவிடுவார். இரண்டிலும் குறைந்தவர்களை நிறுவனம் பார்ப்பதே இல்லை.

இரண்டிலும் சிறந்தவர்கள் இதைவிட நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டால் சரிவு இன்னும் கூடும். கூட்டுத்தொகை 11, 12 பெற்ற மூவரை எடுத்துவிட்டால், தேர்வில் 6 வாங்கியவர்களின் நேர்காணல் சராசரி 3.5க்கு இறங்கிவிடும். நடுத்தரக் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மருத்துவமனை நோயாளிகளை மட்டும் வைத்து இரு நோய்களைத் தொடர்புபடுத்துவதில் இதே கோளாறு இருப்பதை 1946இல் ஜோசப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் காட்டினார். அவர் பெயரால் 'பெர்க்சன் முரண்' என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க, நிராகரித்தவர்களின் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 36 பேரையும் எண்ணினால் சரிவு மறைந்துவிடும். மறையாவிட்டால் தொடர்பு நிஜமாகவே இருக்கலாம். ஆனால் நார்விக் பேசியது வேலைத்திறனைப் பற்றி. நிராகரிக்கப்பட்டவர் அங்கே வேலையே பார்க்கவில்லை, அளப்பதற்கு எதுவும் இல்லை. எனவே எந்தத் தகுதிக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்து ஆள் எடுத்தார்கள் என்று கேட்பதுதான் வழி. போட்டி வெற்றிக்கு மிகையான மதிப்பு கொடுத்திருந்தால், வென்றவர்கள் மற்றவற்றில் குறைந்திருந்தும் நுழைந்திருப்பார்கள். அதைக் கண்டு மிரண்டு, அடுத்த ஆண்டு போட்டியில் வென்றவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், அதையும் மீறி உள்ளே வரும் சிலர் மற்றவற்றில் அபாரமானவர்களாக இருப்பார்கள். அப்போது கணக்கு தலைகீழாகி, போட்டியில் வென்றவர்களே சிறந்த ஊழியர்கள் என்று சொல்லும்.