சிங்கப்பூரில் குழந்தைப் பராமரிப்பு

சிங்கப்பூரில் குழந்தைப் பராமரிப்பு என்பது, பணிபுரியும் பெற்றோரின் குழந்தைகளைப் பகல் நேரத்தில் உரிமம் பெற்ற நிலையங்கள் கவனித்துக்கொள்ளும் முறையாகும். 2 மாதம் முதல் 18 மாதம் வரை கைக்குழந்தைப் பராமரிப்பும், அதன்பின் 7 வயதுக்கு உட்பட்டோருக்குக் குழந்தைப் பராமரிப்பும் வழங்கப்படுகின்றன. முழுநாள் நிலையங்கள் பொதுவாகக் காலை 7 முதல் மாலை 7 வரை இயங்குகின்றன. தாத்தா பாட்டியிடமோ இல்லப் பணிப்பெண்ணிடமோ குழந்தையை ஒப்படைக்கும் குடும்பங்களும் உண்டு.

கட்டணமும் மானியமும்

கைக்குழந்தைப் பராமரிப்பின் கட்டணம் கூடுதலாகும். 5 கைக்குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் தேவைப்படுவதே இதற்கு முதன்மையான காரணம்.

அரசு நிதியுதவி பெறும் நிலையங்களில் சிங்கப்பூர்க் குடிமக்களான குழந்தைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. முதன்மை நடத்துநர்களின் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக்கு 2025 இல் மாதம் 640 வெள்ளியாக இருந்த இவ்வரம்பு, 2026 இல் 610 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது (வரி நீங்கலாக). தனியார் நிலையங்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது.

தாய் மாதம் குறைந்தது 56 மணிநேரம் பணிபுரிந்தால், வருமானம் எவ்வளவாயினும் 300 வெள்ளி அடிப்படை மானியம் கிடைக்கும். பணிபுரியாவிடில் 150 வெள்ளி. கைக்குழந்தைக்குப் பணிபுரியும் தாய் பெறுவது 600 வெள்ளியாகும். மாதக் குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்கு மிகாத குடும்பங்களில் தாய் பணிபுரிந்தால், வருமானத்துக்கேற்பக் கூடுதல் மானியமும் உண்டு. மானியத்தைக் கழித்தே நிலையம் கட்டணம் கேட்கும்.

எடுத்துக்காட்டாக, 15,000 வெள்ளி வருமானமுள்ள குடும்பத்தின் 4 வயதுக் குழந்தை 610 வெள்ளி நிலையத்தில் சேர்ந்தால், தாய் பணிபுரியும்போது 310 வெள்ளியும், பணிபுரியாதபோது 460 வெள்ளியும் செலுத்த வேண்டும். இம்மானியம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. எனவே வேலை அனுமதியில் வந்து வாழும் தமிழகக் குடும்பம், அதே நிலையத்தில் தன் குழந்தைக்கு முழுக் கட்டணத்தையும் தானே செலுத்துகிறது.

பள்ளி நேரத்திற்குப் பின்

குழந்தை 7 வயதை எட்டும் ஆண்டில் தொடக்கப்பள்ளியில் சேருகிறது. பள்ளி பொதுவாகப் பிற்பகல் ஒன்றரை மணியளவில் முடிந்துவிடுகிறது; பெற்றோர் வீடு திரும்புவதோ மாலையில்தான். இவ்விடைவெளியை மாணவர் பராமரிப்பு நிலையங்கள் நிரப்புகின்றன. தொடக்கப்பள்ளி வளாகங்களிலேயே இவை அமைந்துள்ளன, வெளியிலும் உள்ளன. மதிய உணவு, வீட்டுப்பாடக் கண்காணிப்பு, விளையாட்டு ஆகியவை இங்கு இடம்பெறும்.

பாலர் பருவத்தில் வருமானம் பாராமல் கிடைத்த அடிப்படை மானியம் இக்கட்டத்தில் நின்றுவிடுகிறது. மாணவர் பராமரிப்புக் கட்டண உதவி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே மேற்கண்ட குடும்பம், குழந்தை பள்ளியில் சேர்ந்த பின்னரும் பராமரிப்புச் செலவிலிருந்து விடுபடுவதில்லை. அரை நாள் பராமரிப்புக்கு முழுக் கட்டணம் செலுத்துகிறது.

விடுமுறைக் காலம் மற்றொரு சிக்கலாகும். ஜூன் மாதத்தில் 4 வாரமும் ஆண்டிறுதியில் ஏறத்தாழ 6 வாரமும் பள்ளிகள் மூடப்படுவதால், அந்நாட்களில் முழுநாள் பராமரிப்பு தேவைப்படுகிறது. சில நிலையங்கள் இதற்குத் தனிக் கட்டணம் பெறுகின்றன. எனவே நிலையங்களை ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தோடு விடுமுறைக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுச் செலவாகக் கணக்கிடுவதே பொருத்தமானதாகும்.