டி.டி.எஸ். பிடித்தம்: பில்லில் எப்படி, பேரேட்டில் எப்படி?

முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர், தனியாகத் தொழில் செய்யும் ஒரு நிபுணருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் கொடுத்தால், 10 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும்.

உதாரணமாக, கடையின் உள் அலங்காரத்துக்கு வரைபடம் போட்டுத் தந்தவரின் கட்டணம் 60,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 10,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் தொகை 70,800. ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருப்பதால் 60,000 ரூபாய்க்கு மட்டுமே பிடித்தம்; அது 6,000. அவருக்குக் கொடுக்க வேண்டியது 64,800.

பிடித்தத்தைக் கழித்துவிட்டு 54,000 ரூபாய்க்கு பில் கேட்பது தவறு. அவருடைய வருமானம் 60,000 ரூபாய்தான். 6,000 ரூபாய் அவர் பெயரில் நாம் கட்டும் வரி. பேரேட்டில் அவர் கணக்கில் 70,800 வரவு வைத்து, 64,800, 6,000 இரண்டையும் பற்று எழுதினால் கணக்கு நேராகும்.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. பின்னர் தாக்கல் செய்யும் காலாண்டு அறிக்கையில் அவருடைய பான் எண் தவறிவிட்டால், அந்த 6,000 ரூபாய் அவருடைய வரிக் கணக்கு விவரத்தில் வராது. அறிக்கையை நாம் திருத்தித் தாக்கல் செய்த பிறகே அது அவருக்குச் சேரும்.