சாவியை எடுத்த பிறகும் ஓடும் மின்சாரம்

சனிக்கிழமை மாலை நன்றாக ஓடிய கார், திங்கள் காலை "டக்" என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வருடம் ஓடிய ஒரு சின்னக் காரில் இப்படித்தான் நடந்தது. பேட்டரியை மாற்றியும் அடுத்த வாரம் அதே கதை.

பேட்டரி கெட்டதா, யாரோ அதை உறிஞ்சுகிறார்களா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரிரு நாள் வைத்தார்கள். அதன் பிறகும் வண்டி சட்டென்று கிளம்பியது. பேட்டரியில் குறையில்லை, வண்டிக்குள்தான் கசிவு.

இனி மல்டிமீட்டர். அதன் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தார்கள். வண்டிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். அதனால் இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

ஃபியூஸ் பெட்டியைத் தொட டிரைவர் கதவைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். கதவு ஓரத்துச் சுவிட்சை டேப் ஒட்டி அழுத்திவைத்தார்கள். டிக்கியை மூடியே வைத்தார்கள். சில நிமிடம் கழித்து மீட்டர் காட்டியது 0.42 ஆம்பியர். கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் சேர்ந்து 0.05-க்குள் இழுத்தால் அது இயல்பு. இங்கோ எட்டு மடங்குக்கு மேல். 35 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியை இது நாற்பது மணி நேரத்தில் தீர்த்துவிடும். சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகினார்கள். ஹாரன், வைப்பர், ஹெட்லைட் எதிலும் எண் அசையவில்லை. உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் எண் 0.02-க்கு இறங்கியது.

ஃபியூஸ் தெருவைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. அந்த ஒரு ஃபியூஸில் உள்விளக்கு, ரேடியோ, டிக்கி விளக்கு மூன்றும் தொங்கின. உள்விளக்கின் பல்பைக் கழற்றியும் மாற்றமில்லை. ரேடியோ பிளக்கை உருவியும் மாற்றமில்லை. மிஞ்சியது டிக்கி. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது ஏறத்தாழ 0.4 ஆம்பியர். கணக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் மூடியைத் திறந்தால் எரியத்தானே செய்யும், எப்படி உறுதிப்படுத்துவது? கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினார்கள். மூடிய பிறகும் விளக்கு அணையவில்லை. சுவிட்சை அழுத்தவேண்டிய ரப்பர் கட்டை உடைந்து விழுந்திருந்தது.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் இறங்காவிட்டால், அந்தப் பெட்டியைத் தொடாத ஒயர்களைத் தேட வேண்டும். பின்னால் பொருத்திய அலாரம், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்குப் பலர் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர். உள்ளே இருக்கும் டயோடு பழுதானால், பேட்டரியிலிருந்து மின்சாரம் அதன் வழியே திரும்ப வடியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைப் பிரித்து, முனை எதிலும் படாமல் டேப் சுற்றி, மறுபடி அளந்தால் அது தெரிந்துவிடும்.