போகும்போது மடியில், வரும்போது சீட்டில்

சென்னையிலிருந்து லண்டன் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 2 அன்று கிளம்பி 30 அன்று திரும்புகிறார்கள். குழந்தை பிறந்தது 2023 ஆகஸ்ட் 18. பிப்ரவரியில் டிக்கெட் எடுக்கும்போது அதற்கு ஒன்றரை வயது. அதனால் அப்பா யோசிக்காமல் கைக்குழந்தை என்று பதிகிறார். போகும் விமானத்தில் சிக்கல் இல்லை. ஊர் திரும்பும் நாளில்தான் கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குத் தனி சீட் வேண்டும் என்கிறார். அன்றைய விலையில் டிக்கெட் வாங்க வேண்டும். விமானம் நிரம்பியிருந்தால் பணம் இருந்தும் பயனில்லை, குடும்பமே நின்றுவிட வேண்டியதுதான்.

இங்கே இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன. குழந்தை மடியில் உட்காரலாமா என்பது பாதுகாப்பு விதி. எவ்வளவு கட்டணம் என்பது விமான நிறுவனத்தின் வியாபார விதி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

பாதுகாப்பு விதியை எந்த நிறுவனமும் தளர்த்த முடியாது. அமெரிக்காவின் சட்டப்படி, இரண்டாம் பிறந்தநாளை எட்டிய எவரும் தனி சீட்டில் தனி பெல்ட்டோடுதான் பறக்க வேண்டும். பிறந்தநாளன்று பறந்தாலும் அப்படித்தான். மற்ற நாடுகளிலும் பொதுவாக இதே எல்லைதான். இரண்டு வயதுக்குள்கூட மடி பாதுகாப்பான இடம் இல்லை. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் விமானம் 232 விழுந்து நொறுங்கியபோது, அதில் மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தை இறந்துபோனது. அந்த விமானத்தின் பணிப்பெண் ஜான் பிரவுன், எல்லாக் குழந்தைகளுக்கும் தனி சீட் கட்டாயமாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். கூடுதல் டிக்கெட்டுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போகத் தொடங்கினால் சாலையில் இன்னும் அதிகம் பேர் இறப்பார்கள் என்று அரசு பதில் சொன்னது. அந்த வாதத்தை மறுப்பது எளிதல்ல. ஆனாலும், வசதி இருப்பவர்கள் இரண்டு வயதுக்கு முன்பே சீட் வாங்குவது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

பாதுகாப்பு விதி ஒவ்வொரு விமானத்தின் தேதியையும் தனியாகப் பார்க்கும். ‘17 ராத்திரி கிளம்புகிறோம்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம். விமானம் நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கு என்றால் டிக்கெட்டில் 18 என்றுதான் இருக்கும். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல அந்த நேரத்தில்தான் புறப்படுகின்றன. அதேபோல, 17 மாலை கிளம்பி வழியில் இறங்கி 18 விடியற்காலை வேறு விமானம் ஏறினால், முதல் விமானத்தில் மடியில் வந்த குழந்தைக்கு இரண்டாவதில் சீட் தேவைப்படும்.

கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சர்வதேசப் பயணத்தில் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் முக்கால் பங்கு வாங்குபவர்கள் உண்டு, முழுதாக வாங்குபவர்களும் உண்டு. பெரியவருக்குப் போய்வர 60,000 ரூபாய், குழந்தைக்கு முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். வரி தனி. போய்வர கைக்குழந்தை டிக்கெட் என்றால் 6,000, சிறுவர் டிக்கெட் என்றால் 45,000. போகும்போது மடி, வரும்போது சீட் என்று பிரித்துக் கணக்கிட்டால் 3,000 கூட்டல் 22,500, ஆக 25,500 ரூபாய்.

எல்லோரும் இப்படிப் பிரித்துத் தருவதில்லை. நடுவில் இரண்டு வயது முடிந்தால் இரண்டு வழிக்கும் சிறுவர் டிக்கெட் எடுக்கச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்போது போகும்போதும் சீட் கிடைக்கும் என்பதையாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வழியையும் தனியாக விற்கும் மலிவு விமானங்களில், போகும் வழிக்குக் கைக்குழந்தை, வரும் வழிக்குச் சிறுவர் என்று இரண்டு டிக்கெட்டாக எடுத்துவிடலாம். நீண்ட தூரப் பயணத்தில் அப்படிச் செய்யுமுன் பெரியவர்களின் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகள் போய்வரும் டிக்கெட்டை விட மிக அதிகமாகிவிடலாம். பெற்றோர் டிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, திரும்பும் விமானத்தில் குழந்தைக்கு மட்டும் சீட் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் போனில் கேட்பதே சிறந்தது. இணையதளத்தில் குழந்தையை மட்டும் தனியாகப் பதிய முயன்றால், துணையில்லாத குழந்தை என்று அது மறுத்துவிடும்.

பன்னிரண்டு வயதில் இந்த நெருக்கடி இல்லை. நடுவில் பன்னிரண்டு முடிந்தாலும், கிளம்பிய நாளின் வயதையே கணக்கில் எடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. சீட் ஏற்கெனவே இருப்பதால் பாதுகாப்புக் கேள்வி எழுவதில்லை.

டிக்கெட் கைக்கு வந்ததும் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். INF என்றால் கைக்குழந்தை, CHD என்றால் சிறுவர். திரும்பும் விமானத்துக்கு எது இருக்கிறது என்பதுதான் முக்கியம். பிறந்தநாளுக்கு முன்பே திரும்புவதாக இருந்தாலும், தங்கல் நீளக்கூடிய பயணமா என்று யோசித்துவிடுங்கள். தேதியைப் பிறந்தநாளுக்கு அப்பால் தள்ளினால், மாற்றுக் கட்டணத்தோடு ஒரு சீட்டின் விலையும் சேர்ந்துகொள்ளும்.